8 மணி நேரம் என்றால் 8 மணி நேரம்தான்: தூக்க இசை, படிப்பு இசை வீடியோவுக்குத் தலைப்பும் டிஸ்கிரிப்ஷனும் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீடியோ 7:59:06 என்று காட்டுகிறது. தலைப்பில் 8 மணி நேரம் என்று போட்டால் தப்பா?

54 விநாடிக்காக யாரும் தூக்கத்தை இழக்கப் போவதில்லை. ஆனால் தம்நெயிலின் வலது கீழ் மூலையில் யூடியூப் தானாகவே 7:59:06 என்று போட்டுவிடுகிறது, பக்கத்திலேயே நீங்கள் 8 மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒருவர் ஒரே பார்வையில் பார்க்கிறார். அதனால் சரிசெய்துவிடுங்கள், அரைமணி நேர வேலைதான்.

இந்த 54 விநாடி எங்கே போனது என்று முதலில் பார்க்கலாம். என்னுடைய மழை, தம்பூரா வீடியோவிலும் இதேதான் நடந்தது. கையில் இருந்தது 48 நிமிட இசை. 48 நிமிடத்தைப் பத்து முறை ஓட்டினால் 480 நிமிடம், சரியாக 8 மணி நேரம் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தேன். ஆனால் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் காதுக்குத் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு இணைப்பிலும் 6 விநாடி ஒன்றின்மேல் ஒன்று படியும்படி கிராஸ்ஃபேட் வைத்திருந்தேன். பத்துச் சுற்றுக்கு நடுவே ஒன்பது இணைப்பு, ஒன்பது ஆறு 54. அவ்வளவுதான் விஷயம்.

பதினோராவது சுற்று ஒன்றைச் சேர்த்தேன். ஒவ்வொரு சுற்றும் முந்தையது தொடங்கி 47:54 கழித்துத் தொடங்குவதால் பதினோராவது 7:59:00-இல் தொடங்குகிறது. அதை ஐந்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு, 8:00:00-இலிருந்து நான்கு நிமிடம் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினேன். மொத்தம் 8:04:00. தலைப்பில் இருக்கும் 8 மணி நேரம் முழுக்க முழு ஒலி. ஃபேட் அதற்கு வெளியே. எனக்கு இந்தக் கணக்குதான் நியாயமாகப் படுகிறது. ஒலி 7:50-க்கே தேய ஆரம்பித்துவிட்டால், காட்டும் நேரம் 8 மணியாக இருந்தாலும் கேட்பவருக்குக் கிடைப்பது அது இல்லையே.

இன்னொன்று: சரியாக 8:00:00 வருமாறு வெட்டாதீர்கள். கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது ஒரு விநாடி குறைந்து 7:59:59 என்று காட்டலாம். சில விநாடியாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் 48 நிமிட இசையைத்தான் சுற்றிவிட்டிருக்கிறேன். அதை வெளியே சொன்னால் யார் கேட்பார்கள்?

தூங்குகிறவர் கேட்பார். அவருக்குப் புதிதாக எதுவும் வராமல் இருப்பதுதான் வேண்டும். நீளம் என்பதில் இரண்டு எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வீடியோ எவ்வளவு நேரம் ஓடும், இன்னொன்று அதில் எவ்வளவு நேரம் வேறு வேறு இசை. முதல் எண்ணை யூடியூப் காட்டிவிடும். இரண்டாவது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் அதை எழுத வேண்டியதும் நீங்கள்தான்.

இந்த இரண்டாவது எண்ணைச் சொல்வதில் கேட்பவருக்கு நேரடியான பயன் இருக்கிறது. மூன்று நிமிட மழைப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2:10-இல் ஒரு இடி. 8 மணி நேரத்துக்குச் சுற்றினால் அந்த இடி 160 முறை, அதே சத்தத்தில், அதே மூன்று நிமிட இடைவெளியில் வரும். முதல் இருபது நிமிடத்தில் காது அதைப் பிடித்துவிடும், அப்புறம் அடுத்த இடிக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவோம், தூக்கம் எங்கே வரும். ஒரு காகம் கரைவது, தூரத்து ஹாரன், சொட்டு விழும் ஒரு தனி ஓசை என்று எதுவாக இருந்தாலும் இதே கதிதான். '3 நிமிடச் சுற்று' என்று எழுதியிருந்தால் நுண்ணிய காது உள்ளவர் விலகிப்போவார், '48 நிமிடச் சுற்று' என்றால் நம்பி உட்காருவார். எழுதப்போகும் எண் உங்களுக்கே வெட்கமாக இருந்தால், இசையை நீட்டுங்கள், அல்லது குறைந்தபட்சம் அந்த இடியை வெட்டி எடுத்துவிடுங்கள்.

கணினியில் உருவாக்கிய பிரவுன் நாய்ஸ் போன்ற இரைச்சலை முழு நீளத்துக்கும் உருவாக்கியிருந்தால் 'சுற்று இல்லை' என்று தாராளமாக எழுதலாம். பத்து நிமிடம் உருவாக்கி ஒட்டியிருந்தால் எழுதக்கூடாது, காதுக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும்.

வீடியோ 8 மணி நேரம் காட்டுகிறது, ஆனால் 6 மணி 45 நிமிடத்துக்கு மேல் சத்தமே இல்லை என்று கமெண்ட் வந்திருக்கிறது. எப்படி?

அந்த 6:45 என்ற எண்ணைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். ஒலியை WAV கோப்பாக ஏற்றுமதி செய்திருக்கிறீர்கள்.

WAV கோப்பின் தலைப்பகுதியில் அளவை எழுத 32 பிட் இடம்தான் உண்டு, அதனால் 4 ஜிபிக்கு மேல், அதாவது சுமார் 429 கோடி பைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் விநாடிக்கு 1,76,400 பைட். 8 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 508 கோடி பைட் ஆகிறது. வரம்பைத் தொடும் இடம் 6:45:47. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம், 4:08:33-லேயே முடிந்துவிடும். சில மென்பொருள்கள் எச்சரிக்கை காட்டும், சில ஒன்றும் சொல்லாமல் அத்தோடு நிறுத்திவிடும், இன்னும் சிலவற்றில் எண் ஒரு சுற்று வந்து மீதியை மட்டும் படித்துக்கொண்டு கோப்பின் நீளம் 1:14:12 என்று காட்டும். எனக்கு இது நடந்தபோது எடிட்டர் படத்தை 8 மணி வரை நீட்டி, ஒலி இல்லாத இடத்தை அமைதியால் நிரப்பிக்கொடுத்தது. நான் முதல் பத்து நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும் மட்டும் பார்த்தேன். கடைசியில் அமைதியாக இருந்ததை ஃபேட் என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலை நான்கரைக்குத் தன் குழந்தை சத்தம் நின்றதும் விழித்துவிட்டதாக ஒரு அம்மா எழுதிய பிறகுதான் உண்மை தெரிந்தது. இப்போதும் அந்தக் கமெண்டை நினைத்தால் மனசு சங்கடப்படும்.

அதனால் தலைப்பில் ஒரு மணிக்கணக்கை எழுதும் முன், ஏற்றப்போகும் கோப்பை ffmpeg என்ற இலவச மென்பொருளின் கட்டளைகளால் இரண்டு விதமாகச் சோதியுங்கள். முதலாவது, படத்தின் நீளமும் ஒலியின் நீளமும் தனித்தனியாக:

```
ffprobe -v error -show_entries stream=codec_type,duration -of csv=p=0 mazhai_8h.mp4
```

என்னுடைய 8:04:00 கோப்பில் இரண்டு வரியிலும் 29040-ஐ ஒட்டிய எண் வரவேண்டும். ஒலிக்கு மட்டும் 24347 என்று வந்தால் மேலே சொன்ன கதைதான். ஆனால் எடிட்டர் அமைதியால் நிரப்பியிருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும், இரண்டு எண்ணும் சமமாகவே இருக்கும். அதற்கு இரண்டாவது:

```
ffmpeg -i mazhai_8h.mp4 -vn -af silencedetect=noise=-60dB:d=10 -f null -
```

10 விநாடிக்கு மேல் அமைதி எங்கே தொடங்குகிறதோ அங்கே silence_start என்று விநாடிக் கணக்கில் சொல்லும். மழை ஒலியில் கடைசி ஃபேட் தவிர வேறு எங்கும் அது வரக்கூடாது.

நிரந்தரத் தீர்வு, நீளமான WAV கோப்பையே உருவாக்காமல் இருப்பது. FLAC-ஆக ஏற்றுமதி செய்யுங்கள், அல்லது பெரிய கோப்புக்கென்றே இருக்கும் RF64, W64 வடிவங்களில் எடுங்கள்.

தலைப்பில் நீளத்தை எங்கே எழுதுவது?

முன்னால். போனில் தேடும்போது நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்பட்டுப் போகும், வெட்டுப்படும் இடத்தில் நேர்மையான தகவலை வைத்து என்ன பயன்? நான் போட்டிருப்பது இது:

8 மணி நேரம் மழையும் தம்பூராவும் – தூக்கத்துக்கு (48 நிமிட இசை, தொடர் சுற்று)

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து வரம்பு வைத்திருக்கிறது. நம் எழுத்துக்கு அது கொஞ்சம் இடைஞ்சல், ஏனென்றால் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'தூக்கத்துக்கு' நமக்கு ஏழு எழுத்து, கணினிக்குப் பதின்மூன்று. மேலே உள்ள தலைப்பு அந்தக் கணக்கில் 76 வருகிறது. மீதி 24-இல் 'ஆழ்ந்த', 'உடனடி', '5 நிமிடத்தில் தூக்கம்' என்று நிரப்பத் தோன்றும். ஐந்து நிமிடத்தில் தூங்க வைப்பேன் என்பதும் ஒரு கால அளவுதான், அது உங்களால் அளக்கவே முடியாத ஒன்று. இடம் காலியாக இருக்கட்டும்.

டிஸ்கிரிப்ஷனில் என்ன எழுதுவது? ஒரு மாதிரி கிடைக்குமா?

5000 எழுத்து வரை இடம் இருந்தாலும், 'மேலும்' என்பதைத் தொடாமல் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான். கண் சொருகும் நேரத்தில் அதற்குக் கீழே யாரும் போகமாட்டார்கள். எனவே நீளம் பற்றிய விஷயம் முதலில், உங்கள் சேனலை சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வதெல்லாம் அதற்கப்புறம். என்னுடையதை அப்படியே தருகிறேன்:

மொத்த நீளம் 8 மணி 4 நிமிடம். 48 நிமிட இசை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.
8 மணி நேரமும் ஒலி ஒரே அளவில் இருக்கும், கடைசி 4 நிமிடத்தில் மெல்லக் குறைந்து நிற்கும்.
படம் முதல் 10 நிமிடம் மட்டும், பிறகு முடியும்வரை கருப்புத் திரை.
வீடியோ முடிந்ததும் வேறொன்று தானாக ஓடாமல் இருக்க Autoplay-ஐ அணைத்துவிட்டுப் படுங்கள்.

0:00 மழையும் தம்பூராவும், படத்துடன்
10:00 கருப்புத் திரை
47:54 இரண்டாம் சுற்று தொடங்குகிறது
8:00:00 ஒலி குறையத் தொடங்குகிறது

கீழே இருக்கும் நான்கு நேரங்களும் வீடியோவின் கோட்டில் அத்தியாயங்களாகப் பிரிந்துவிடும். அதற்கு முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக்கூடாது. 47:54 என்ற வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. சுற்று எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை நானே காட்டிவிடுகிறேன், சந்தேகப்படுகிறவர் நேராக அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

சிலர் இந்த நேரங்களுக்கு 'முதல் உறக்க நிலை', 'ஆழ்உறக்க நிலை' என்றெல்லாம் பெயர் வைக்கிறார்கள். அடியில் ஓடுவது அதே 48 நிமிடம் என்றால் அப்படிப் பெயர் வைப்பது, வேறு வேறு இசை வருகிறது என்று சொல்வதற்குச் சமம். வேண்டாம்.

படிப்பு இசைக்கும் இதே மாதிரிதானா? நடுவில் இடைவேளை விடுகிறேன்.

தூங்குகிறவர் நீளத்தைத் தோராயமாகத்தான் பயன்படுத்துவார். படிக்கிறவர் உங்கள் வீடியோவையே கடிகாரமாக வைத்துக்கொள்கிறார், அதனால் இங்கே நிமிடமும் முக்கியம்.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிட இடைவேளை என்ற பொமோடோரோ முறையில் நான்கு சுற்று வைத்தால் வீடியோ 2 மணி நேரம் ஓடும். படிப்பு 100 நிமிடம்தான், 20 நிமிடம் இடைவேளை. '2 மணி நேரப் படிப்பு' என்று தலைப்பு வைத்தால், அதை வைத்து நாளைத் திட்டமிடும் மாணவருக்கு ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் உதைக்கும். '2 மணி நேரம்: 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, 4 சுற்று' என்று எழுதுங்கள். கடைசி இடைவேளையை வெட்டிவிட்டீர்கள் என்றால் நீளம் 1 மணி 55 நிமிடம், அதையே எழுதுங்கள். இடைவேளை தொடங்கும்போது மணியடிக்கிறதா, இசை மட்டும் நிற்கிறதா என்பதையும் டிஸ்கிரிப்ஷனில் சொல்லிவிடுவது நல்லது, நூலகத்தில் ஒருவர் ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருக்கலாம்.

இன்னொரு வகை, மாதிரித் தேர்வுக்காகப் போடுவது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு 3 மணி நேரம். அதற்குப் பயிற்சி செய்கிறவர் '3 மணி நேரம்' என்ற உங்கள் வீடியோவை ஓடவிட்டு, இசை நின்றதும் பேனாவை வைக்கிறார். அது 2:52-இல் நின்றால் அவருடைய எட்டு நிமிடம் போச்சு. தொடக்கத்தில் 40 விநாடி சேனல் அறிமுகம் வைத்திருந்தாலும் இதே சிக்கல்தான். அறிமுகம் முடிந்த பிறகு 3 மணி நேரம் வருமாறு நீட்டிவிட்டு, '0:40-இலிருந்து 3 மணி நேரம்' என்று எழுதுங்கள்.

'24 மணி நேரம்' என்று போட்டால் நிறையப் பேர் வருகிறார்கள். போடலாமா?

ஏற்றிவைக்கும் வீடியோவுக்குப் போட முடியாது. யூடியூபில் ஒரு வீடியோ அதிகபட்சம் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி, எது முதலில் வருகிறதோ அதுதான் எல்லை. ஆகவே இப்போது புதிதாக ஏற்றிய வீடியோ ஒன்றின் தலைப்பில் 24 மணி நேரம் என்று இருந்தால், திறந்து பார்க்காமலே அது பொய் என்று சொல்லிவிடலாம். நேரலைக்கு அந்த எல்லை கிடையாது, அங்கே எழுதலாம். ஆனால் 12 மணி நேரத்தைத் தாண்டிய நேரலை அப்படியே பதிவாகத் தங்காது, ஆகவே 'பிறகு முழுசாகக் கேட்கலாம்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நேரலையிலும் அடியில் ஓடுவது நான்கு மணி நேரத் தொகுப்பு என்றால் அதை எழுதவேண்டும், இடையில் நெட் போனால் நின்று மறுபடி தொடங்கும் என்பதையும்.

விளம்பரம் இல்லை என்று எழுதலாமா?

உங்கள் கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். 8 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் நடுவில் விளம்பரம் வைக்கும் வசதி இருக்கிறது, அதை நீங்கள் அணைக்கலாம். தூக்க வீடியோவில் தயவுசெய்து அணைத்துவிடுங்கள், நடு இரவில் வரும் ஒரு விளம்பரக் குரல் 8 மணி நேரத்தை அந்த இடத்திலேயே முடித்துவைத்துவிடும். அணைத்த பிறகும் தொடக்கத்தில் யூடியூபே விளம்பரம் காட்டக்கூடும், அதனால் 'விளம்பரமே இல்லை' என்பதைவிட 'நடுவில் விளம்பரம் வைக்கவில்லை' என்பதுதான் சரியான வாக்கியம்.

அதே இசையை 1, 3, 8, 10 மணி நேரம் என்று தனித்தனியாக ஏற்றலாமா?

நீளம் உண்மையாக இருந்தால் ஏமாற்று இல்லை, ஒவ்வொருவருக்கும் வேண்டிய நேரம் வேறு. ஆனால் நான்கிலும் 'இதே இசையின் 3 மணி நேர வடிவம்' என்பதுபோல் சொல்லுங்கள், நான்கு வெவ்வேறு கவித்துவமான பெயர் வைத்துப் புதுசு போலக் காட்டாதீர்கள். சேனலில் வருமானம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றையே திரும்பத் திரும்பப் போடும் சேனல்களுக்கு வருமானம் மறுக்கும் விதி யூடியூபில் ஏற்கெனவே இருந்தது, 2025 ஜூலையில் அதன் பெயரை 'உண்மைத்தன்மையற்ற உள்ளடக்கம்' என்ற பொருளில் மாற்றிக் கொஞ்சம் தெளிவாக்கினார்கள். நான் 3, 8 இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏற்கெனவே தப்பாகப் போட்டுவிட்டேன், ஐம்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். என்ன செய்வது?

அதே இணைப்பில் கோப்பை மாற்றிவைக்க யூடியூபில் வழியில்லை. ஸ்டுடியோவில் இருக்கும் வெட்டும் கருவியும் 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோவில் மாற்றத்தைச் சேமிக்க விடாது. மாற்றக்கூடியது தலைப்பு, தம்நெயில், டிஸ்கிரிப்ஷன், மேலே பின் செய்த கமெண்ட். நான்கையும் உண்மையான நேரத்துக்கு மாற்றுங்கள். தம்நெயிலில் பெரிதாக எழுதிய '8' பெரும்பாலும் மறந்துபோகும், அதையும்.

என் 6:45 வீடியோவுக்கு நான் செய்தது இதுதான். தலைப்பை '6 மணி 45 நிமிடம்' என்று மாற்றினேன். டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியில் '6:45:47-க்குப் பிறகு ஒலி இல்லை, என் தவறு. முழு 8 மணி நேர வீடியோ இங்கே' என்று எழுதிப் புதியதன் இணைப்பைக் கொடுத்தேன். பழையதை நீக்கவில்லை, ஏனென்றால் நிறையப் பேர் அதைத் தங்கள் பிளேலிஸ்டில் வைத்திருந்தார்கள், ஒரு ராத்திரி திடீரென்று அது காணாமல் போவது இன்னும் மோசம். கமெண்ட் எழுதிய அந்த அம்மாவுக்கும் பதிலில் புதிய இணைப்பை அனுப்பினேன்.